இரவு விட்ட மாத்திரையைக் காலையில் சேர்த்துப் போடலாமா?

*என் கணவருக்கு வயது 43. ஏழு மாதத்துக்கு முன்னால் மாமியாரின் சிறுநீரகத்தை எடுத்து வைத்தார்கள். டாக்ரோலிமஸ் காலை 2 மி.கி., இரவு 2 மி.கி.; மைக்கோஃபினோலேட் 500 இரண்டு வேளை; பிரெட்னிசோலோன் 5 காலையில். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரவு 8 மணி மாத்திரையை மறந்துவிட்டார். மறுநாள் காலை இரண்டு வேளையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். மதியம் வரை கை நடுங்கியது. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த நாலு பக்கத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, பாதி புரியவில்லை. "அம்மா கிட்னிதானே, ஒரு வேளை விட்டால் என்ன ஆகிவிடும்" என்கிறார் அவர். எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் பொடி கொடுக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். வீட்டில் நாத்தனாரின் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. பங்குனித் திருவிழாவும் வருகிறது, போகலாமா?*

*— ஒரு வாசகி, விருதுநகர்*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கை நடுக்கம் டாக்ரோலிமஸின் வேலைதான். ரத்தத்தில் அது அளவுக்கு மேல் ஏறும்போது முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கைதான். காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பும், கையெழுத்து கோணும், சிலருக்குத் தலைவலியும் வரும். ஒரே ஒரு முறை இரட்டிப்பாகப் போட்டதால் சிறுநீரகம் கெட்டுவிடாது. மருந்து இறங்க இறங்க நடுக்கமும் அடங்கும், அடங்கியும் இருக்கும். ஆனாலும் நடந்ததை உங்கள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதாவது கூடக் குறைய வந்தால், காரணம் தெரியாமல் அவர்கள் மருந்தின் அளவை மாற்றிவிட நேரும்.

சேர்த்துப் போடுவது ஏன் தப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் அந்த நாலு பக்கத் தாளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

டாக்ரோலிமஸ் நடந்து போவது ஒரு வரப்பின் மேல். அளவு குறைந்து ஒரு பக்கம் சறுக்கினால், உடலின் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று தாக்கும். ரிஜெக்‌ஷன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மறுபக்கம் சறுக்கினால், மருந்தே சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களை இறுக்கிச் சுருக்கிவிடும். காக்க வந்த மருந்தே அளவு மீறினால் கெடுக்கும். இந்த வரப்பில் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான், அதாவது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான், "டாக்ரோ லெவல்" என்ற பரிசோதனை அளக்கிறது. அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் அதை 8 முதல் 10 வரையும், அதன் பிறகு 5 முதல் 8 வரையும் பல மையங்களில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். உங்கள் கணவருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரை போட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது உச்சிக்கு ஏறும். பிறகு மெல்ல இறங்கி, பன்னிரண்டாவது மணி நேரத்தில் அடியில் நிற்கும். அப்போது அடுத்த வேளை வந்து தாங்கிப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் போன இரவின் பள்ளம் நிரம்புவதில்லை, அது நடந்து முடிந்த கதை. அதன் மேல் காலையில் ஒரு மேட்டையும் புதிதாகக் கட்டியதுதான் மிச்சம். பள்ளமும் மேடும் மாறி மாறி வரும் சிறுநீரகம் சீக்கிரம் பழுதாகிறது என்பதை நாங்கள் அனுபவத்திலும் பார்க்கிறோம், ஆய்வுகளிலும் பார்க்கிறோம்.

சரி, மறந்தால் என்ன செய்வது? கல்யாண இரவையே எடுத்துக்கொள்வோம். மாத்திரை நேரம் இரவு 8. பந்தியில் உட்கார்ந்து, மொய் எழுதி, பேசிக்கொண்டிருந்துவிட்டு 10 மணிக்கு ஞாபகம் வருகிறது என்றால், அப்போதே போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை 8 மணி மாத்திரை வழக்கம்போல 8 மணிக்கே. நள்ளிரவு ஒன்றரைக்குப் பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தாலும், ஐந்தரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, அப்போதும் போடலாம். ஆனால் விடிகாலை 5 மணிக்குக் கண் விழித்த பிறகுதான் நினைவு வருகிறது என்றால், அந்த வேளையை விட்டுவிட வேண்டும். 8 மணிக்கு அந்த நேரத்துக்கு உரிய 2 மி.கி. மட்டும். எல்லை எது என்றால், இரண்டு வேளைக்கு நடுவில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதி. ஆறு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போடு, தாண்டிவிட்டால் விடு, எந்த நிலையிலும் இரட்டிப்பு வேண்டாம். சில மையங்கள் இந்த எல்லையை நான்கு மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். உங்கள் தாளில் ஒரு எண் அச்சாகியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், என்னுடையதை அல்ல.

மைக்கோஃபினோலேட்டுக்கும் இதே கணக்குதான். பிரெட்னிசோலோன் ஒரு வேளை மருந்து என்பதால் அன்று பகலுக்குள் நினைவு வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் மறுநாளுக்கு உரியது மட்டும். டாக்ரோலிமஸிலேயே ஒரு நாளைக்கு ஒரு முறை போடுகிற, மெதுவாகக் கரையும் வகை ஒன்று உண்டு. அதற்கு எல்லை நீளம், சுமார் பதினான்கு மணி நேரம். உங்களுக்கு அது தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வகையும் மருந்துக் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்து மட்டும் வேறு. மாற்றிக் கொடுத்துவிட்டால் லெவல் குளறுபடியாகிவிடும். புதுப் பட்டை வாங்கியதும் பழைய பட்டையோடு பக்கத்தில் வைத்து, பெயர், கம்பெனி, மி.கி. மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி மாற வேண்டிய கட்டாயம் வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். ஓரிரு வாரத்துக்குள் லெவல் பார்க்கச் சொல்வார்.

மாத்திரை போட்டபின் வாந்தி எடுத்தால்? அரை மணி நேரத்துக்குள் வந்தாலோ, வாந்தியில் மாத்திரையே கண்ணுக்குத் தெரிந்தாலோ பொதுவாகத் திரும்பப் போடச் சொல்வோம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் மருந்து உள்ளே போய்விட்டது, திரும்பப் போட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் போன் செய்து கேளுங்கள். வரிசையாக இரண்டு வேளை போனாலும், அது மறதியோ, வாந்தியோ, மாத்திரை தீர்ந்துபோனதோ, எதுவாக இருந்தாலும் அன்றே போன் செய்ய வேண்டும். அதற்கு மேல் வீட்டிலேயே கணக்குப் போடக் கூடாது.

அடுத்து, "அம்மா கிட்னிதானே" என்கிற பேச்சு. இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மருந்தே இல்லாமல் சிறுநீரகம் நிலைத்த கதை உண்டுதான். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு சகோதரரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தார்கள், அது நிலைத்தது. ஆனால் அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்; அச்சில் வார்த்தாற்போல ஒரே அடையாளம். தாய் அப்படி அல்ல. பிள்ளை தாயிடமிருந்து வாங்கிக்கொண்டது அவருடைய அடையாளத்தில் பாதியைத்தான், மீதி தகப்பனுடையது. மாமியாரின் சிறுநீரகத்தில் உங்கள் கணவருடைய உடல் இதுவரை பார்த்தே இராத இன்னொரு பாதி இருக்கிறது. காவல் அணுக்கள் பாசம் பார்ப்பதில்லை, அந்தப் பாதியைத்தான் பார்க்கும். அதனால் இந்த மருந்து ஒரு வருஷம் இரண்டு வருஷம் போட்டுவிட்டு நிறுத்துவது அல்ல. காலப்போக்கில் அளவு குறையும், சிறுநீரகம் வேலை செய்யும் வரைக்கும் மருந்து இருக்கும்.

"ஒரு வேளை விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதும் உண்மைதான். ரிஜெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, அதுதான் இதில் பெரிய கஷ்டம். வலிக்காது, காய்ச்சல் வராது, பசி நன்றாக இருக்கும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் சத்தமில்லாமல் ஏறும். வழக்கமாக 1.2 இருப்பவருக்கு 1.5 வந்திருந்தால் அச்சிட்ட தாளில் அது பெரிய எண்ணாகத் தெரியாது. எங்களுக்கு அது நாற்காலியை விட்டு எழ வைக்கிற எண். அந்த நிலையில் பிடித்தால், தேவைப்பட்டால் பயாப்ஸி செய்து பார்த்து, மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசியில் பெரும்பாலும் அடக்கிவிடலாம். கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, வைத்த இடத்தில் வலி வந்து வருபவரிடம் அந்த வசதி குறைந்துபோயிருக்கும். அதனால்தான் தினமும் காலையில் எடை, ரத்த அழுத்தம், உடல் சூடு மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்கிறோம். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கல்யாணச் சாப்பாடு அல்ல, உடலில் தேங்கும் நீர். உடனே சொல்ல வேண்டும்.

இப்போது லெவல் பார்க்கப் போகிற காலை. நான் பார்த்த தப்புகளிலேயே அடிக்கடி நடப்பதும், யாரும் தப்பு என்றே நினைக்காததும் இதுதான். லெவல் என்பது அடியில் நிற்கும் அளவு. அதாவது, போன இரவு 8 மணிக்குப் போட்ட மாத்திரை இறங்கி இறங்கிக் காலை 8 மணிக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. என்னிடம் வரும் ஒருவர், பெயர் வேண்டாம், ஒழுக்கமான மனிதர். ஒரு நாள் கூட நேரம் தவறாதவர். அதே ஒழுக்கத்தில் பரிசோதனை அன்றும் 8 மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, 10 மணிக்கு ரத்தம் கொடுத்தார். லெவல் 18 என்று வந்தது. உச்சியில் எடுத்த ரத்தம் அப்படித்தான் காட்டும். அவர் சொல்லவில்லை, நாங்களும் அன்றைக்குக் கேட்கவில்லை. மாத்திரையைக் குறைத்தோம். மூன்று வாரம் கழித்துச் சரியான நேரத்தில் எடுத்தபோது லெவல் 3.6, கிரியாட்டினினும் ஏறியிருந்தது. நல்லவேளையாக மீண்டார். அன்றிலிருந்து எங்கள் ரத்தம் எடுக்கும் மேசையில் "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதிய பிறகே ஊசியை எடுக்கிறார்கள். உங்கள் ஊரில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

லெவலை நம்மை அறியாமலே ஆட்டிவைப்பவை இன்னும் சில. முதலாவது, மருந்துக் கடையில் "தொண்டை கட்டியிருக்கிறது" என்று சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியைக் கட்டிப்போட்டுவிடும். மாத்திரை அதே 2 மி.கி.தான், லெவல் மட்டும் சில நாளில் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுக்கோனசோலும் இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, வலிப்புக்கான ஃபெனிடோயினும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் லெவலைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதல் வாக்கியம் "எனக்குக் கிட்னி மாற்றியிருக்கிறார்கள், டாக்ரோலிமஸ் போடுகிறேன்" என்பதாக இருக்கட்டும். மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் கடையில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் லெவலை மாற்றுவதைவிட நேராகச் சிறுநீரகத்தையே அடிக்கும்; அவை வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு சிறுநீரகத்தோடு இருக்கும் உங்கள் மாமியாருக்கும் இது பொருந்தும், அவரை யாரும் நோயாளியாக நினைப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாவது, வயிற்றுப்போக்கு. மருந்து வெளியே போய்விடும், லெவல் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். குடலின் உள்சுவர்தான் டாக்ரோலிமஸில் ஒரு பகுதியை உள்ளே விடாமல் தடுத்துத் திருப்பி அனுப்பும் வாயிற்காவலர். வயிற்றுப்போக்கில் அந்தச் சுவர் புண்ணாகிவிட்டால் காவல் இல்லை, மருந்து மொத்தமாக உள்ளே போகும். கூடவே உடலில் நீரும் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கிரியாட்டினினை ஏற்றும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் போன் செய்யுங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மைக்கோஃபினோலேட்டே வயிற்றுப்போக்கைத் தரக்கூடியது என்பதால் காரணம் எது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழம். பம்ளிமாஸ் பழத்தையும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டையும் அவர் தொடக் கூடாது. அந்த நொதியை அவையும் கட்டிப்போடும். சாத்துக்குடி, ஆரஞ்சு, வாழை அவரவர் பொட்டாசியம் அளவைப் பொறுத்துச் சாப்பிடலாம். சமையல் மஞ்சளுக்குத் தடை இல்லை, மஞ்சள் மாத்திரைக்கு உண்டு.

சீந்தில் பொடி விஷயத்தில் உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது. தன் உறுப்பையே கொடுத்தவர், ஒரு ஸ்பூன் பொடியா பெரிது? ஆனால் நாம் காலையும் இரவும் காசு கொடுத்து வாங்கிப் போடும் மூன்று மருந்தும் செய்வது எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதுதான். அதை ஏற்றுவதற்காகவே ஒன்றைக் கொடுத்தால், ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுபோல. அது வேலை செய்யாவிட்டால் பணம் வீண். வேலை செய்தால் அவருடைய சிறுநீரகம் வீண். சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கஷாயப் பொடிகள், லேகியம், "இம்யூனிட்டி பூஸ்டர்" டப்பாக்கள் எல்லாம் இதே கணக்கில் வரும். ரசம், இஞ்சி டீ, மிளகு போன்றவை சாப்பாடு. அவற்றை அவர் தாராளமாகக் கொடுக்கட்டும்.

காவலைக் குறைத்துவிட்டோம் என்றால் திருடன் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமிகளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அதில் மனப்பாடமாக இருக்க வேண்டியது ஒரே எண்: 100.4. வாயில் வைத்த தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், காலையில் போவோம் என்று படுக்கக் கூடாது. பாராசிட்டமால் கெட்ட மருந்து அல்ல, ஆனால் அது சூட்டை மறைத்துவிடும். அளந்து, எழுதி, போன் செய்து, அவர்கள் சொன்னபின் போடலாம். இன்னொன்று: பிரெட்னிசோலோன் போடுபவருக்குக் காய்ச்சல் முழு வேகத்தில் ஏறாது. 99.5 தான் காட்டுகிறது, ஆனால் குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, சிறுநீர் எரிச்சல் ஏதாவது இருக்கிறது என்றால் 100.4க்குக் காத்திருக்க வேண்டாம். இவர்களுக்கு அடிக்கடி வருவது சிறுநீர்த் தொற்றுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒருவேளை காசநோய் மருந்து ஆரம்பிக்க நேர்ந்தால், மாற்றுச் சிகிச்சை மருத்துவருக்குத் தெரியாமல் முதல் மாத்திரையே போடக் கூடாது. காரணம் மேலே சொன்ன ரிஃபாம்பிசின்.

டிஸ்சார்ஜில் கொடுத்த கோ-டிரைமாக்சசோல் மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், "இது என்ன, சளி கூட இல்லையே" என்று நிறுத்திவிட வேண்டாம். ஒருவகை நுரையீரல் தொற்று வராமல் இருப்பதற்காகத்தான் அது. எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டது நல்லது, பலர் கேட்பதே இல்லை. மூன்று மாதக் குழந்தை என்றால் போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டிருக்கும். இரண்டிலும் இருப்பது உயிருள்ள, ஆனால் பலம் குறைத்த கிருமி. குழந்தைக்கு அதனால் ஒன்றும் இல்லை, ஆனால் சில வாரங்களுக்கு அது மலத்தில் வெளியேறும். ஆகவே ஒவ்வொரு முறை சொட்டு மருந்து கொடுத்தபின்னும் ஆறு வாரத்துக்குக் குழந்தையின் துணி, டயப்பரை உங்கள் கணவர் மாற்ற வேண்டாம். மாற்றுபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கட்டும். போலியோவுக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி போட முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இதற்குப் பயந்து குழந்தையின் தடுப்பூசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு அம்மையோ கக்குவானோ வந்தால்தான் அவருக்குப் பெரிய ஆபத்து. தூக்கிக் கொஞ்சுவதற்கு எந்தத் தடையும் இல்லை. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் எதையும் உங்கள் கணவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசியில் அந்தப் பிரச்சினை இல்லை, எப்போது என்று கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

திருவிழாவுக்குப் போகலாம். கூட்டம் நெருக்கும் நாளையும் நேரத்தையும் விட்டுவிட்டு, விடிகாலையில் முகக்கவசத்தோடு போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும். அபிஷேகப் பாலும் பல கை பட்ட தீர்த்தமும் வேண்டாம். காய்ச்சாத பால், அளைந்த தண்ணீர் இரண்டுமே அவருக்கு ஆகாது. சூடாக வரும் பொங்கலை வாங்கிச் சாப்பிடலாம். கோவிலுக்குள் கல் தளத்தில் வெறுங்காலோடு நடப்பதில் பயமில்லை. ஊரைச் சுற்றி மண்ணிலும் சேற்றிலும் செருப்பில்லாமல் நடக்கும் நேர்த்திக்கடன் இருந்தால் அதை நீங்கள் நடந்துவிடுங்கள். ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் ஒரு புழு உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அது வெறும் அரிப்போடு போகும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உடலில் பெருகி உயிருக்கே வந்துவிடலாம். தீமிதியும் தீச்சட்டியும் நான் சொல்லாமலே புரிந்திருக்கும். புண் ஆறுவது அவருக்கு மெதுவாகத்தான் நடக்கும்.

வீட்டில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியது. தயிர், காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றியது என்றால் நல்லது. முட்டை, மீன், கறி எல்லாம் முழுக்க வெந்ததாக இருக்க வேண்டும், ஆஃப்பாயில் கிடையாது. ரோட்டோரத்தில் வெட்டி வைத்த பழமும் கரும்புச்சாற்று ஐஸும் வேண்டாம். மொட்டை மாடியில் புறா எச்சம் இருந்தாலோ, பக்கத்து வீட்டை இடித்துக் கட்டினாலோ அந்தப் பக்கம் அவர் போக வேண்டாம். அந்தத் தூசியில் நுரையீரலுக்கு ஆகாத பூஞ்சைகள் இருக்கும்.

இதை வாசிக்கும் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு ஒரு வரி: மைக்கோஃபினோலேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்துக்கு மாறி, குறைந்தது ஆறு வாரமாவது போன பிறகுதான்.

மறதிக்கு வருவோம். போனில் 8 மணிக்கு ஒரு அலாரம், 8.15க்கு உங்கள் போனில் இன்னொன்று. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு வேளை மாத்திரை இருக்கட்டும். டாக்ரோலிமஸ் ஈரம் பட்டால் கெடும், ஆகவே பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாமல் பட்டையோடு கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். கார், பைக் பெட்டிச் சூட்டில் வைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் என்று வைத்துக்கொண்டால் தினமும் அப்படியே. ஒரு நாள் வெறும் வயிறு, ஒரு நாள் பிரியாணிக்குப் பின் என்று மாற்றினால் லெவலும் மாறும். எந்த மாதமும் கடைசிப் பட்டையை உடைக்கும் வரை காத்திருக்காமல், பத்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கடைகள் மூடி, சாலை மூழ்கி, இரண்டு மாத்திரையை வைத்துக்கொண்டு போன் செய்தவர்களிடம் பேசியவன் நான்.

அடுத்த பரிசோதனைக்கு முதல் நாள் இரவு சரியாக 8 மணிக்கு மாத்திரை. காலையில் எழுந்ததும் டாக்ரோலிமஸை மட்டும் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு சேஃப்டி பின் குத்திவிடுங்கள், பழக்கதோஷத்தில் கை போகாமல் இருக்க. ஒரு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீரும் கையில். ரத்தம் எடுத்து, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பின்னைக் கழற்றச் சொல்லுங்கள்.